ஆறு சென்டிமீட்டர் ஊசி

வஞ்சுளவல்லியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "யாரு, அந்த எக்ஸாம் கேஸ்ல மாட்டுன பொம்பளையா?" என்று கேட்டார். ஆமாம், அவள்தான். மாட்டினாள் என்பது மட்டும் தப்பு. யாரும் அவளை மாட்டிவிடவில்லை, அவளாகப் போய் நின்றாள். இதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நானும் அவளும் எம்.எஸ்ஸி. கணிதம் ஒன்றாகப் படித்தவர்கள். எனக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீடும், அம்மா வெள்ளத்தாயும், ஒரு செல்போனும்தான் கிடைத்தன. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை பார்த்து, அதில் கௌரவம் மட்டுமே மிஞ்சுகிறது என்று விட்டுவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிட்டிருக்கேன்" என்பாள். அந்தப் பதிலை வைத்தே முப்பத்தாறு வயது வரை ஓட்டிவிட்டாள்.

அவள் பார்த்த வேலை இந்தக் காலத்து வேலை. எங்கேயோ ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராது. கேள்வியைப் போட்டோ எடுத்து அனுப்பும். இவள் தாளில் போட்டு, அந்தத் தாளைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளை யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. வடக்கே இருக்கிற ஒரு கம்பெனிக்கு இங்கே ஆள் சேர்த்துக் கொடுத்தவன் தனுஷ். ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவனுக்கு ஆபீஸ். சிரித்த முகம், துவைத்த சட்டை. எல்லாப் பெண்களையும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். வேலையே கிடைக்காத பெண்களுக்கு அந்த ஒரு சொல் போதும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவனைப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை. பாலும் கள்ளும் ஒரே வெள்ளை என்று சொல்லவும் செய்தேன். "உனக்கு யாரைத்தான்ட்டி பிடிக்கும்?" என்றாள்.

போட்டோக்களைப் படிப்பதில் அவளுக்கு ஓர் ஆசை உண்டு. கணக்கைவிட கணக்கின் ஓரத்தைப் பார்ப்பாள். மஞ்சள் ஒட்டிய விரல், டீ டம்ளர் வைத்த வட்டம், தம்பி கிறுக்கிய பென்சில். "இந்தப் பிள்ளை கட்டில்ல படுத்துக்கிட்டே படிக்கி, உருப்படாது" என்று எனக்குப் போன் போட்டுச் சொல்வாள். விடையில் தப்பு வந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்கும் அவளைப் பற்றி அந்தத் திமிர் இருந்தது.

அடிக்கடி வரும் கணக்குகளுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முழு விளக்கத்தையும் அழகாக ஒரு தாளில் எழுதி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருப்பாள். கேள்வி வந்ததும் பென்சிலால் எண்களை நிரப்பிப் போட்டோ எடுப்பாள், அழித்து வைப்பாள். ஊசிக் கணக்குக்கும் அப்படி ஒரு தாள் இருந்தது. ஒரே இடைவெளியில் இணைகோடுகள் போட்ட தரையில் ஓர் ஊசியைக் கண்ணை மூடிப் போட்டால், அது ஏதாவது ஒரு கோட்டைக் குறுக்கே வெட்டி விழ நிகழ்தகவு எவ்வளவு என்பது கேள்வி. பழைய கணக்கு, எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். விடை சுருக்கமானது: ஊசி நீளத்தின் இருமடங்கை, இடைவெளியையும் பை (π) மதிப்பையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். வஞ்சுளத்தின் தாளில் படமும் உண்டு. ஊசி என்றால் ஊசிதான். காதைக்கூட வரைந்து, காதுக்குள் ஒரு துளி நூலும் தொங்கவிட்டிருப்பாள்.

போன வருஷம் அவளுக்கு விடிந்தது. முதுகலை ஆசிரியர் தேர்வில் தேறினாள். தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது. பணி ஆணை கைக்கு வருவதுதான் பாக்கி. வெள்ளத்தாயம்மா ஆண்டாளுக்கு மாலை சாத்திவிட்டு வந்து தெருவெல்லாம் சொன்னார். அந்த ஆணை வரும்வரை அவள் பெயரில் ஒரு கறை படக் கூடாது. வழக்கு, விசாரணை என்று ஏதாவது வந்தால் பதினாலு வருஷ உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். "தனுஷ் வேலையை விட்டுடுட்டி" என்றேன். "ஆர்டர் வரட்டும், அன்னைக்கே விட்டுருதேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் தனுஷ் 'அவசர வரிசை' என்று ஒன்றைத் தொடங்கினான். கம்பெனி ஆப்பில் இல்லாமல் நேராக அவன் போனிலிருந்தே வரும் கேள்விகள். கெட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் அனுப்புவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

நவம்பரில் ஒரு நாள் முற்பகல். அவசர வரிசையில் ஊசிக் கணக்கு வந்தது. போட்டோ சாய்வாக எடுக்கப்பட்டிருந்தது. அச்சடித்த படத்தில் இணைகோடுகளுக்கு நடுவில் சின்னதாய் ஓர் ஊசி. சாய்த்து எடுத்ததில் முன்னால் இருந்த கோடுகள் அகலமாக விரிந்து, ஊசி இன்னும் சின்னதாகத் தெரிந்தது. ஊசி நீளம் ஆறு சென்டிமீட்டர், இடைவெளி நான்கு. வஞ்சுளம் தன் தாளை எடுத்தாள், ஆறையும் நான்கையும் நிரப்பினாள். விடை மூன்றின் கீழ் பை, அதாவது ஏறத்தாழ 0.955. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அரிசி களையப் போனாள்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றும்போது கை நின்றுவிட்டது என்றாள். நான்கு இடைவெளி, ஆறு ஊசி! ஊசி இடைவெளியைவிட நீளம்!

இதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஊசியின் நடுப்புள்ளி பக்கத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது, ஊசி கோடுகளோடு என்ன கோணத்தில் சாய்ந்திருக்கிறது, இந்த இரண்டையும் வைத்து ஒரு செவ்வகம் வரைவோம். அதற்குள் ஒரு வளைகோடு ஏறும். வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பில் விழுந்தால் ஊசி கோட்டை வெட்டும். ஊசி இடைவெளியைவிடக் குட்டை என்றால் வளைகோடு செவ்வகத்துக்குள்ளேயே அடங்கும், சுருக்க விடை சரி. ஊசி நீளம் என்றால் வளைகோடு செவ்வகத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். வெளியே போன பரப்பையும் சேர்த்து எண்ணினால் விடை வீங்கிவிடும். இங்கே ஏறத்தாழ நாற்பத்திரண்டு பாகைக்கு மேல் சாய்ந்தால் ஊசி எங்கே விழுந்தாலும் வெட்டியே தீரும். அங்கே கூரையோடு நிறுத்திக்கொண்டு எண்ணினால் சரியான விடை 0.779.

ஊசி இன்னும் ஒரு சென்டிமீட்டர் நீளமாக இருந்திருந்தால் சுருக்க விடை ஒன்றைத் தாண்டியிருக்கும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அவளும் அங்கேயே நிறுத்தியிருப்பாள். ஆறாகப் போனதுதான் வினை. ஒன்றுக்குக் கீழே, நல்ல பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது அந்தத் தப்பு.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. தாளில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் போட்டு, விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஆறு சென்டிமீட்டர் நறுக்கி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "சோறு வடிக்காம குச்சி போட்டு விளையாடுதா பாரு" என்று வெள்ளத்தாயம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தில் நான்கு தடவைக்கும் சற்றுக் குறைவாகத்தான் குச்சி கோட்டை வெட்டியது. சந்தேகமே இல்லை, அனுப்பியது தப்பு. சரியான விடையை எழுதிக்கொண்டு, கேள்வியைச் சரிபார்க்க அந்தப் போட்டோவை மறுபடி திறந்தாள். இந்த முறை வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தாள்.

ஓரத்தில் பெஞ்சு. பெஞ்சில் ஒட்டிய சீட்டில் பதிவெண். கேள்விக்கு மேலே வெட்டுப்பட்ட தலைப்பில் பல்கலைக்கழகத்தின் முத்திரையில் பாதியும், அன்றைய தேதியும், 'முற்பகல்' என்ற சொல்லும். இன்னும் மேலே, மங்கலாக, நடந்து போகிற ஒரு சேலையின் கரை.

சுவரில் மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அந்தப் பரீட்சை அப்போது நடந்துகொண்டிருந்தது.

தனுஷைக் கூப்பிட்டாள்.

"மாடல் எக்ஸாம் டீச்சர், நீங்க ஏன் பதட்டப்படுதிய?" என்றான்.

"மாடல் எக்ஸாமுக்கு எதுக்கு பல்கலைக்கழக முத்திரை? அது கெடக்கட்டும், நான் அனுப்புன விடை தப்பு. நீளமான ஊசி அது. சரியானதை அனுப்புதேன், மாத்திச் சொல்லிரு."

"அதை இனி மாத்த முடியாது டீச்சர். உள்ள போயிருச்சு" என்றான்.

உள்ளே. விடை பரீட்சை ஹாலுக்குள் போய்விட்டது என்று அந்தச் சொல்லே சொல்லிவிட்டது. அடுத்த கேள்வியின் போட்டோ அதற்குள் வந்துவிட்டது. முடியாது என்றாள். அவன் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

"சரி டீச்சர், இன்னைக்கு விட்டுருங்க. லிஸ்ட்ல பேரு வந்திருக்குல்லா, சந்தோஷம். ஆர்டர் வர்ற வரைக்கும் ஒரு சின்னப் பிரச்சினையும் வராம நான் பாத்துக்கிடுதேன். அம்மா வேற தினம் விடியக்காலம் கோயிலுக்குத் தனியாத்தான் போறாவ போல. இருட்டுல பாத்துப் போகச் சொல்லுங்க."

அன்று முதல் அவள் அம்மாவோடு கோயிலுக்குப் போனாள். ஏன் கூட வருகிறாய் என்று கேட்ட அம்மாவிடம் வேண்டுதல் என்றாள். என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது டிசம்பரில், விடைத்தாள் திருத்தும் முகாமில். எனக்கு வந்த விடைத்தாள் கட்டு ஒன்றில் மூன்றாவது தாளில் ஊசிக் கணக்குக்கு 0.955 என்று இருந்தது. சுழித்துவிட்டுப் போனேன். அடுத்ததிலும் அதே 0.955. சுருக்க விடையைப் போட்டு ஏமாறுவது பிள்ளைகளுக்கு இயல்புதான், மற்றக் கட்டுகளிலும் அங்கங்கே வந்திருந்தது. ஆனால் இந்தக் கட்டில் படமும் இருந்தது. ஊசிக்குக் காது, காதில் ஒரு துளி நூல். அடுத்த தாளிலும் காது, நூல். எவனும் ஏன் என்று யோசிக்கவில்லை, போனில் வந்ததை அப்படியே வரைந்திருக்கிறார்கள். ஒருவன் நூலை முடிச்சுப் போட்டே முடித்திருந்தான். கட்டு முடிகிறபோது நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த ஊசியை நான் அவள் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்துக் கேலி செய்திருக்கிறேன்.

கட்டை முகாம் தலைவரிடம் கொடுத்து, எல்லாம் ஒரே இடத்திலிருந்து பார்த்து எழுதியவை என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு நேரே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தேன். "ஏட்டி, உனக்கு எம்புட்டு தைரியம்!" என்றேன். அவள் அழவில்லை. அரிசி களைந்ததிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்து, "எல்லாரும் தப்பாவா எழுதியிருக்கானுவ?" என்று கேட்டாள்.

"ஏன், அதுல உனக்கு வருத்தமோ?"

"இருக்குதே இந்து. என்ன செய்யச் சொல்லுத?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அறைந்திருப்பேன். நான் எழுதிக் கொடுத்ததை வைத்துப் பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போடும் என்று முகாமிலேயே சொல்லியிருந்தார்கள். குழுவுக்குத் தெரியப் போவதெல்லாம் யாரோ வெளியிலிருந்து விடை அனுப்பினார்கள் என்பது மட்டும்தான். ஊசிக் காதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க என்னால் மட்டும்தான் முடியும். "நீயே போய்ச் சொல்லு. உன்னை ஏமாத்தி வாங்கினான்னு சொல்லு" என்றேன். "ஆர்டர் வந்ததும் சொல்லுதேன். அதுக்குள்ள கேஸுன்னு வந்தா எனக்கு வேலையே கிடையாது. அம்மாவைப் பாரு" என்றாள். வெள்ளத்தாயம்மா வாசலில் யாரிடமோ மகளின் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆர்டர் வரும் வரை பொறுப்பேன், பிறகும் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கல் கழிந்ததும் பணி ஆணை வந்தது. தேவதானம் தாண்டி ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. சேர இரண்டு வாரம் தவணை. செய்தி கேட்டு நான் போனபோது தனுஷ் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். தட்டில் பழம், வெற்றிலை, பூ எல்லாம் அடுக்கி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி. வெள்ளத்தாயம்மா அவனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "தங்கமான பையன். நம்ம பிள்ளைக்கு எம்புட்டு உதவி செஞ்சிருக்கான்" என்று என்னிடம் சொன்னார். வஞ்சுளம் சுவரோடு சுவராக நின்றாள்.

"இனி உங்க வேலை நம்ம டீச்சருக்கு வேண்டாமே" என்றேன் நான்.

"கணக்கு போட ஆள் ஆயிரம் பேர் இருக்காவ மேடம். அன்னைக்குப் போட்டதே தப்பாத்தான போச்சு" என்று சிரித்தான். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், நான் இருப்பதைச் சட்டை செய்யாமல் அவள் பக்கம் திரும்பினான். "மார்ச்சுல பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. உங்களுக்கு வேற பள்ளிக்கூடத்துல ஹால் டூட்டி போடுவாங்க டீச்சர். எந்த ஹாலுன்னு மட்டும் எனக்குச் சொன்னாப் போதும். ரெண்டு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல. உங்க ஊசிப் படம், நீங்க அனுப்புன நேரம், எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. யாருக்கும் காட்ட மாட்டேன்."

காபியைக் குடித்து, உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு வேண்டியிருந்தது அவள் கணக்கு அல்ல, அவள் வேலை. அந்தப் பட்டியலில் பேர் வந்த பிறகு ஏன் அவளை அவசர வரிசையில் சேர்த்தான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. ஆணை பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று அவளைவிட அவன்தான் அதிகம் வேண்டியிருப்பான். இப்படி ஒரு விலங்கைப் பழத்தட்டில் வைத்துக் கொடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மா மறுபடி உள்ளே போனதும் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ஹால்ல நிக்கது நானா இருக்க மாட்டேன் இந்து. என் சேலையைக் கட்டிக்கிட்டு அவன் நிப்பான்" என்றாள். "எந்தப் பிள்ளை எழுதுது, எந்தப் பிள்ளை பாத்து எழுதுதுன்னு தெரிஞ்சிக்கிட்டே ஜன்னலைப் பாத்து நிக்கணும். இந்த வருஷம் ரெண்டு நிமிஷம். அடுத்த வருஷம்?"

"பயப்படாத. யோசிப்போம்" என்றேன். அதைச் சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

"யோசிக்க என்ன இருக்கு? நாளைக்குப் போவோம்."

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். வழியெல்லாம் பஸ்ஸில் ஆணையை மடியில் வைத்திருந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

குழுவில் மூன்று பேர். அவள் சொன்னதை நடுவில் இருந்த பேராசிரியர் முதலில் நம்பவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, அனுப்பிய விடையை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினாள். ஊசி வரைந்தாள், காது வைத்தாள், நூல் தொங்கவிட்டாள். பேராசிரியர் அதையும் கட்டில் இருந்த தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தனுஷின் போன் எண், போட்டோ, அவன் பேசியது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பணி ஆணையின் நகலையும் வாங்கிக்கொண்டார்கள். "கல்வித் துறைக்கு எழுத வேண்டியிருக்கும். சேர விட மாட்டாங்க. தெரியும்லம்மா?" என்று அவர் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. தெரியும் என்றாள்.

பிறகு அதே தாளை இழுத்து, கையெழுத்துக்குக் கீழே மறுபடி எழுத ஆரம்பித்தாள். செவ்வகம், வளைகோடு, கூரையில் வெட்டுகிற இடம், இரண்டு துண்டுப் பரப்பு, கடைசியில் 0.779.

"இது விசாரணைக்குத் தேவையில்லைம்மா" என்றார் பேராசிரியர்.

"அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை சார். சரியான விடையை இன்னும் யாருமே அவங்களுக்குச் சொல்லலை."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பதினாலு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தவள், அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் பாடம் நடத்துகிறாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்தபோது அவள் போன் அடித்தது. திரையில் தனுஷ் பெயர். நாங்கள் வந்தது அதற்குள் எப்படித் தெரிந்தது, குழுவிலிருந்தா, பஸ்ஸிலிருந்தா, இன்றுவரை தெரியாது. எடுக்காதே என்றேன். எடுத்தாள்.

"டீச்சர், எங்க இருக்கிய? அம்மா வீட்டுல தனியா இருக்காவளே. நான் இங்கதான் வந்து உக்காந்திருக்கேன்" என்ற அவன் குரல் எனக்கும் கேட்டது.

அவள் போனை அணைக்கவில்லை. பிறகு திரும்பி, நாங்கள் வந்த அறைக்குள்ளேயே நடந்தாள். போனை அந்தப் பேராசிரியரின் மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இப்பச் சொல்லுங்க தனுஷ்" என்றாள். "எல்லாரும் கேக்காங்க."